அலமாரிப் போனில் ஒரு ஒத்திகை: பேக்கப் திரும்பி வருகிறதா, எங்கே மாட்டுகிறது?

பேக்கப் இருக்கிறதா என்று யாரைக் கேட்டாலும் "அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கு" என்பார்கள். ஏறுவது சரி. ஒருமுறையாவது இறக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. போன வருடம் வரை நானும் அப்படித்தான். பேருந்தில் என் போன் காணாமல் போய், இரண்டு மணி நேரம் கழித்து நடத்துநர் புண்ணியத்தில் திரும்பக் கிடைத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் என் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டே எனக்கு நினைவில் இல்லை என்று தெரிந்துகொண்டேன். அந்த வார இறுதியில் அலமாரியில் ஸ்பேராகக் கிடந்த பழைய போனை எடுத்து முதல் ஒத்திகை பார்த்தேன். ஏழு இடங்களில் மாட்டியது. அவற்றைத்தான் கீழே அறிகுறி வாரியாகத் தருகிறேன். ஆண்ட்ராய்டு போன், கூகுள் கணக்கு, வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களுக்கானது இது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு.

எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கோளாறு ஸ்பேர் போனிலா, பேக்கப்பிலா? ஸ்பேர் போன் பழையது என்பதால் வரும் தடங்கல், நாளை புதுப் போன் வாங்கும்போது இருக்காது. அதை விட்டுவிடலாம். பேக்கப்பில் உள்ள ஓட்டை எந்தப் போன் வாங்கினாலும் கூடவே வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

## தொடங்கும் முன்

வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் போனில் நான்கு அடையாளங்களை வையுங்கள். தினசரி நாட்காட்டியில் அன்றைய தாளை ஒரு போட்டோ எடுங்கள். "ஒத்திகை வெள்ளி" என்ற பெயரில் ஒரு கான்டாக்ட் சேருங்கள். வீட்டில் யாரையாவது ஒரு சாதாரண எஸ்எம்எஸ்ஸும், வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தியும் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு போனை வழக்கம்போல் பயன்படுத்திவிட்டு, இரவில் வழக்கம்போல் சார்ஜில் போடுங்கள். ஒத்திகையைச் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

Settings → Google → Backup பக்கத்தில் உள்ள Back up now பொத்தானை அழுத்திவிட்டு ஒத்திகை தொடங்கலாமே என்று தோன்றும். அழுத்தாதீர்கள். போன் தொலைவதற்கு முந்தைய நிமிடம் யாரும் அந்தப் பொத்தானை அழுத்துவதில்லை. தானாக நடக்கும் பேக்கப் உண்மையில் நடக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வந்திருக்கிறோம். வாட்ஸ்அப் மட்டும் விதிவிலக்கு, காரணத்தை அதன் இடத்தில் சொல்கிறேன்.

கான்டாக்ட் எண்ணிக்கை, வாட்ஸ்அப்பில் கடைசி பேக்கப் நடந்த நாளும் அளவும், அது எந்தக் கூகுள் கணக்குக்குப் போகிறது என்பது, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் போனை அணைத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், கேட்டாலும் தர வேண்டாம் என்று சொல்லி. அதை ரீசெட் செய்யவோ எதையும் அழிக்கவோ கூடாது. அணைத்து வைத்தால் போதும். ரீசெட் செய்ய வேண்டியது ஸ்பேர் போனை மட்டும்.

## ரீசெட் செய்த ஸ்பேர் போன் யாருடைய பழைய கணக்கையோ கேட்கிறது

அக்காவோ சித்தப்பாவோ பயன்படுத்திக் கொடுத்த போனில் இது நடக்கும். அவர்களுடைய கூகுள் கணக்கை எடுக்காமல், பட்டன்களை அழுத்திப் பிடித்து ரெகவரி வழியாக ரீசெட் செய்திருந்தால், திருட்டைத் தடுக்கும் பூட்டு விழுந்துவிடும். முந்தைய கணக்கின் பாஸ்வேர்டோ அந்தப் போனில் முன்பிருந்த திரைப் பூட்டு எண்ணோ இல்லாமல் அது திறக்காது. அவர்களையே அழைத்துப் பாஸ்வேர்டு போடச் சொல்லி, உள்ளே போய்க் கணக்கை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாக மறுபடி ரீசெட் செய்யுங்கள். இது ஸ்பேர் போனின் கோளாறு. பேக்கப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வைஃபை இணைந்திருந்தும் கூகுள் பக்கம் திறக்கவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் அணைந்து கிடந்த போன் சில நேரம் பழைய வருடத்தைக் காட்டும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணைப்பு எதுவும் அமையாது. தேதியைச் சரிசெய்தால் சரியாகிவிடும்.

## "உங்கள் போனில் வந்துள்ள அறிவிப்பைத் தட்டுங்கள்" என்று நிற்கிறது

எனக்கு முதல் மாட்டல் இங்கேதான். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால், பாஸ்வேர்டு கொடுத்த பிறகும் கூகுள் உங்கள் அசல் போனுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பி, அதில் "ஆம்" என்று தட்டச் சொல்லும். அந்தப் போன்தான் தொலைந்துவிட்டதே! எஸ்எம்எஸ்ஸில் எண் அனுப்பவா என்று அடுத்துக் கேட்கும். சிம்மும் அதே போனில்தான் இருந்தது.

இந்த இடத்தில் பொறுமையிழந்து, அணைத்து வைத்த போனை வாங்கி "ஆம்" தட்டிவிட்டால் ஒத்திகை அங்கேயே செல்லாததாகிவிடும். அதற்குப் பிறகு எல்லாம் அழகாக வந்து இறங்கும், நீங்களும் தேர்ச்சி என்று எழுதிக்கொள்வீர்கள். தொலைந்த போனின் உதவியால் கிடைத்த தேர்ச்சி அது.

சரியான வழி பேக்கப் குறியீடுகள். கூகுள் கணக்கில் Security பகுதியில், 2-Step Verification உள்ளே Backup codes என்று இருக்கும். அங்கே எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். தாளில் எழுதி, ரேஷன் கார்டோ பத்திரமோ இருக்கும் இடத்தில் வையுங்கள். போனுக்குள் போட்டோவாக வைத்தால் போனோடு அதுவும் போய்விடும். பின்னால் புதிய தொகுப்பு ஒன்றை உருவாக்கினால் பழைய பத்தும் செல்லாது என்பதையும் தாளின் மேல் தேதி போட்டு நினைவில் வையுங்கள்.

ஒத்திகையில் ஒரு குறியீட்டை நிஜமாகவே செலவழித்து உள்ளே போங்கள். "குறியீடு இருக்கிறது" என்பதற்கும் "குறியீடு வேலை செய்தது" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை, மூன்று வருடத்துக்கு முந்தைய தாளோடு உட்கார்ந்திருந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு என்னால் உள்ளே போகவே முடியவில்லை. தோல்வி என்று எழுதிவிட்டு, போனை வாங்கிப் புதுக் குறியீடுகள் எடுத்துக்கொண்டு மறுநாள் திரும்பத் தொடங்கினேன்.

உறுதி செய்ய வேண்டியது: அசல் போனையோ சிம்மையோ தொடாமல், தாளும் மனப்பாடமும் மட்டும் வைத்து உள்ளே போக முடிந்தது.

## உள்ளே போனாலும் பேக்கப் பட்டியலில் உங்கள் போன் இல்லை

ரீசெட் ஆன போனை அமைக்கும்போது, பழைய போனின் ஆப்களையும் விவரங்களையும் கொண்டுவரவா என்று ஒரு திரை வரும். அதில் கேபிள் வழி, பழைய போன் வழி, இணையத்தில் உள்ள பேக்கப் வழி என்று தேர்வுகள் இருக்கும். நாம் எடுக்க வேண்டியது இணைய வழியை. அந்தப் பட்டியல் காலியாக இருந்தாலோ, உங்கள் போன் பெயர் அதில் இல்லாவிட்டாலோ, காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று.

முதலாவது, ஆண்ட்ராய்டு பதிப்பு. புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்புப் போனில் இறக்க முடியாது. என் போன் ஆண்ட்ராய்டு 13, ஸ்பேர் 10. எனவே பேக்கப் பத்திரமாக இருந்தும் எனக்கு வரவில்லை. இது ஸ்பேர் போனின் குறை. நாளை கடையில் வாங்கும் போன் புதிய பதிப்பாகவே இருக்கும் என்பதால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் "அதனால்தான் வரவில்லை" என்று ஊகித்து நகர்ந்துவிடவும் கூடாது. ஒத்திகை முடிந்தபின் உங்கள் போனின் பேக்கப் பக்கத்தைத் திறந்து, கடைசியாக எடுத்த நாள் என்ன என்று பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் தம்பியின் போன் ஆண்ட்ராய்டு 13க்கு மேல். அவன் அதை மாற்றவிருந்த சமயம் பார்த்து ஒரு நாள் இரவல் வாங்கி இந்தப் பகுதியை மட்டும் சோதித்தேன்.

இரண்டாவது, கணக்கு மாறியிருப்பது. ஒரே போனில் இரண்டு கூகுள் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, பேக்கப் நாம் நினைக்காத கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மூன்றாவது, பேக்கப் நடக்கவே இல்லை என்பது. நம் ஊரில் அதிகம் பார்ப்பது இதைத்தான். தானாக நடக்கும் பேக்கப், போன் சார்ஜில் இருக்கும்போது, யாரும் தொடாதபோது, வைஃபையில் இருக்கும்போது நடக்கும்படியே அமைந்திருக்கிறது. வீட்டில் வைஃபை இல்லாமல், தினசரி டேட்டாவிலேயே ஓட்டுகிறவர்களின் போனில் அந்த மூன்றும் ஒன்றுசேர்வதே இல்லை. என் அம்மா போனில் கடைசி பேக்கப், நான் ஊருக்குப் போய் ஹாட்ஸ்பாட் கொடுத்திருந்த ஒரு பொங்கல் வாரத்தோடு நின்றிருந்தது. பேக்கப் செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவையும் பயன்படுத்த அனுமதி கொடுப்பது ஒரு தீர்வு. போட்டோக்களுக்கும் வாட்ஸ்அப்புக்கும் அந்த அனுமதியைத் தனித்தனியாக, அந்தந்த ஆப்புக்குள் போய்க் கொடுக்க வேண்டும்.

நான்காவது, காலம் கடந்துவிட்டது. ஒரு போன் 57 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அதன் பேக்கப்பைக் கூகுள் அழித்துவிடுகிறது. போன் தொலைந்த பிறகு "அடுத்த போனஸில் வாங்கிக்கலாம்" என்று இரண்டு மாதம் பட்டன் போனில் ஓட்டினால், வாங்கும்போது இறக்க எதுவும் இருக்காது. இது ஆப்கள், எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல், செட்டிங்ஸ் அடங்கிய போன் பேக்கப்புக்கு உள்ள கெடு. கூகுள் கணக்கில் ஏறிவிட்ட போட்டோக்களும் கான்டாக்ட்களும் இந்தக் கெடுவில் வராது.

## அசல் போனின் பூட்டு எண்ணைக் கேட்கிறது

பேக்கப்பைத் தேர்ந்தெடுத்ததும், உங்கள் அசல் போனின் திரைப் பூட்டு எண்ணையோ பேட்டர்னையோ கேட்டால் குழம்ப வேண்டாம். பேக்கப் அந்தப் பூட்டை வைத்தே மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. கைரேகை இங்கே உதவாது. ஸ்பேர் போனின் பூட்டு எண்ணும் கூகுள் பாஸ்வேர்டும் கூட உதவாது. எந்நேரமும் விரலை வைத்தே திறந்து பழகியவர்களுக்குப் பூட்டு எண் மறந்தே போயிருக்கும். பேட்டர்ன் என்றால் விரலுக்குத் தெரியும், வாய்க்குச் சொல்லத் தெரியாது. அம்மாவின் போனில் பேட்டர்னைப் போட்டுக் கொடுத்ததே என் அண்ணன் மகள்தான். அம்மாவுக்கு எது என்று தெரியாது.

எண்ணாக மாற்றி, அதைக் குறியீட்டுத் தாள் இருக்கும் இடத்திலேயே எழுதி வைப்பது நல்லது. எது எந்தப் போனின் எண் என்று தெளிவாக எழுதுங்கள்.

## கான்டாக்ட் குறைவாக இருக்கிறது

தாளில் 412 என்று எழுதியிருந்தேன், ஸ்பேர் போனில் 371 வந்தது. "ஒத்திகை வெள்ளி" அதில் இருந்தது. ஆக, புதிதாகச் சேர்ப்பவை ஏறுகின்றன, பழையவற்றில் 41 ஏறவில்லை. அடையாளத்தை மட்டும் பார்த்திருந்தால் தேர்ச்சி என்று போட்டிருப்பேன். எண்ணிப் பார்த்ததால்தான் ஓட்டை தெரிந்தது.

அந்த 41 பேரும் பல வருடங்களுக்கு முன் "போனில் சேமி" என்ற தேர்வில் விழுந்தவர்கள். பிளம்பர், எரிவாயு சிலிண்டர் போடுபவர், ஊரில் பெரியம்மா வீட்டு லேண்ட்லைன், எல்லாம் அவசரத்துக்குத் தேவைப்படுகிற ஆட்கள்தான். கூகுளின் கான்டாக்ட்ஸ் ஆப் செட்டிங்ஸில், போனிலேயே உள்ளவற்றையும் கணக்கோடு ஒத்திசைக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் அவர்களும் மேலே போய்விடுவார்கள். சிம்மில் உள்ளவர்களை அதே செட்டிங்ஸில் இறக்குமதி செய்துகொள்ளலாம். ஒத்திகை முடிந்து அசல் போன் கைக்கு வந்தபின் இதைச் செய்துவிட்டு, எண்ணிக்கையைக் கணினியில் contacts.google.com பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன். இம்முறை 412.

## போட்டோ வந்திருக்கிறது, ஆனால் ஒரு தேதிக்கு மேல் இல்லை

நாட்காட்டித் தாள் படம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் கடைசியாக வந்த படத்தின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று யோசித்தால் காரணம் கிடைத்துவிடும். பெரும்பாலும் இடம் நிறைந்துபோயிருக்கும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. முன்பு அதற்குக் கணக்கு பார்ப்பதில்லை. அந்த நினைப்பிலேயே இருப்பவர்களுக்குத்தான் திடீரென்று நின்றுபோகிறது.

தேதி சரியாக இருந்தும் சில படங்கள் மட்டும் இல்லை என்றால், அவை வேறு போல்டரில் இருந்திருக்கும். கேமராவில் எடுத்தவை ஏறும். வாட்ஸ்அப்பில் வந்தவை, ஸ்கிரீன்ஷாட், பதிவிறக்கியவை எல்லாம் அந்தந்தப் போல்டருக்குத் தனியாக அனுமதி கொடுத்தால்தான் ஏறும். தங்கையின் கல்யாணப் படங்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தவைதான். ஒன்றுகூட ஏறியிருக்கவில்லை.

கட்டம் கட்டமாகச் சின்னப் படங்கள் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய வீடியோ ஒன்றைத் திறந்து கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்பேர் போனில் இடம் போதவில்லை என்றோ, சோதனை முடிந்தது என்றோ போட்டோக்களை அழிக்காதீர்கள். அதே கணக்கு என்பதால் இங்கே அழித்தால் மேலேயும் அழியும், உங்கள் அசல் போனிலும் அழியும். கான்டாக்ட்டுக்கும் இதே விதி. ஸ்பேர் போனைக் காலி செய்ய ஒரே வழி கணக்கை நீக்கி ரீசெட் செய்வது.

## வாட்ஸ்அப்: பேக்கப் கிடைக்கவில்லை, அல்லது திறக்கவில்லை

மற்றவை எல்லாம் அசல் போனைப் பாதிக்காமல் சோதிக்கலாம். வாட்ஸ்அப் அப்படியில்லை. ஸ்பேர் போனில் உங்கள் எண்ணைப் பதிந்த நொடியே அசல் போனில் அது வெளியேறிவிடும். அதனால் இதை மட்டும் கடைசியாக, அவசர வேலை இல்லாத ஒரு நேரத்தில் செய்யுங்கள். அசல் போனை ஒரு நிமிடம் திறந்து வாட்ஸ்அப்பில் Settings → Chats → Chat backup போங்கள். தானாக நடந்த கடைசி பேக்கப் எப்போது என்பதைத் தாளில் உள்ளதோடு சரிபார்த்துவிட்டு, கையால் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். நான் விதிவிலக்கு என்று சொன்னது இதைத்தான். இங்கே ஏதாவது பிசகினால் இழப்பு நிஜமானது.

அசல் போனிலிருந்து கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ஸ்பேர் போனை இணைப்பது ரீஸ்டோர் ஆகாது. உரையாடல்கள் தெரியும்தான். ஆனால் அவை அசல் போனிலிருந்து வந்தவை. அது தொலைந்துவிட்டால் இந்த வழி கிடையாது. சிம்மை ஸ்பேர் போனில் போட்டு, எண்ணைப் பதிந்து, ஓடிபி வாங்கிப் போவதுதான் சோதனை.

"பேக்கப் எதுவும் இல்லை" என்று வந்தால் Skip அழுத்தாமல் நில்லுங்கள். வாட்ஸ்அப் பேக்கப், போன் பேக்கப்பிலிருந்து தனியானது. அது எந்தக் கூகுள் கணக்குக்குப் போனதோ அந்தக் கணக்கு இந்தப் போனில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், எண்ணும் அதேயாக இருக்க வேண்டும். தாளில் எழுதி வைத்த கணக்கைச் சேர்த்துவிட்டு, வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி நிறுவிப் பதியுங்கள். ரீஸ்டோர் கேட்பது பதியும் அந்தச் சமயத்தில் மட்டும்தான்.

Skip அழுத்திவிட்டு அப்படியே விட்டால் வரும் ஆபத்து வேறு. ஒவ்வொரு பேக்கப்பும் முந்தையதன் மேலேயே எழுதப்படுகிறது. காலியான வாட்ஸ்அப்பில் பேக்கப்பையும் இயக்கிவிட்டால், இரவில் அந்தக் காலியே மேலே ஏறி, பத்து வருட உரையாடலின் இடத்தில் உட்கார்ந்துவிடும். அதனால் ஸ்பேர் போனில் ரீஸ்டோர் முடிந்ததும் முதல் வேலையாக, தானாக நடக்கும் பேக்கப்பை Off என்று மாற்றுங்கள்.

64 இலக்கச் சாவியையோ பாஸ்வேர்டையோ கேட்டால், எப்போதோ ஒரு நாள் பேக்கப்புக்கு முழு மறைகுறியாக்கத்தை இயக்கியிருக்கிறீர்கள். அது மறந்துவிட்டால் அந்தப் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது, கூகுளாலும் முடியாது. ஒத்திகையில் இது தெரிந்தால் அதிர்ஷ்டம். அசல் போன் இன்னும் உங்களிடம் இருக்கிறது. அதில் மறுபடி பதிந்து, அதே செட்டிங்ஸ் பக்கத்தில் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம்.

ஆறு இலக்க எண் கேட்டால் அது வேறு, வாட்ஸ்அப்பின் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. மறந்திருந்து, மீட்புக்கு மின்னஞ்சலும் கொடுக்காமல் இருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும்.

எழுத்துச் செய்திகள் முதலில் வரும், படங்களும் வீடியோக்களும் பின்னால் மெதுவாக இறங்கும். எனக்கு அதற்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடிந்தபின், வெள்ளிக்கிழமை வந்த குரல் செய்தியை ஓடவிட்டுக் கேளுங்கள், இரண்டு வருடத்துக்கு முந்தைய உரையாடல் ஒன்றைத் திறந்து படம் விரிகிறதா பாருங்கள். வீடியோ மட்டும் இல்லை என்றால், பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்கும் தேர்வு இயங்காமல் இருந்திருக்கும்.

## ஆப் வந்திருக்கிறது, உள்ளே காலி

பேக்கப் பட்டியலில் ஆப்களின் பெயர் இருப்பதால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். ஆப் மறுபடி நிறுவப்படுவது ஒன்று, அதற்குள் நாம் எழுதியது வருவது வேறு. ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப்பில் ஓர் ஆப்புக்கு 25 எம்பி வரைதான் இடம். ஆப்பைச் செய்தவர் வேண்டாம் என்று வைத்திருந்தால் அதுவும் இல்லை. குறிப்பேடு, வரவுசெலவுக் கணக்கு, சீட்டுக் கணக்கு போன்ற சின்ன ஆப்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். காலியாக இருப்பவற்றுக்கு அவற்றுக்குள்ளேயே எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்த ஆப்பில் முக்கியமானதை எழுதாதீர்கள். பால் கணக்கை நான் நோட்டுக்கே மாற்றிவிட்டேன்.

ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் காலியாக வந்தால் அதை முதலில் கவனியுங்கள். கூகுளின் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரலிலிருந்து கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் கணக்கில் நுழையாமலேயே அதைப் பயன்படுத்துபவர்களுக்கு எதுவும் மேலே போவதில்லை. அசல் போனில் அந்த ஆப்பைத் திறந்து கணக்கோடு இணைத்துவிட்டு, ஸ்பேர் போனில் குறியீடுகள் வருகின்றனவா என்று பாருங்கள். வந்ததோடு விடாமல், ஒரு குறியீட்டை வைத்து ஏதாவது ஒரு தளத்தில் நுழைந்தும் பாருங்கள்.

## வங்கி ஆப்பும் யுபிஐயும்

இவற்றை ஸ்பேர் போனில் பதிந்து சோதிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இவை சிம்மோடும் போனோடும் கட்டப்பட்டவை. எந்தப் பேக்கப்பிலும் வராது, வரவும் கூடாது. ஸ்பேரில் பதிந்தால் அசல் போனில் மறுபடி எல்லாவற்றையும் பதிய வேண்டும், புதிதாகப் பதிந்தபின் சிறிது காலம் பணம் அனுப்பும் வரம்பும் குறைந்திருக்கும்.

ஒத்திகை பார்க்க வேண்டியது வேறொன்றை. போன் தொலைந்து, அதே எண்ணுக்கு மாற்றுச் சிம் வாங்கினால், இந்தியாவில் முதல் 24 மணி நேரம் அந்தச் சிம்மில் எஸ்எம்எஸ் வேலை செய்யாது. சிம் மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2022இல் போட்ட விதி. அதாவது ஒரு நாள் முழுக்க எஸ்எம்எஸ் ஓடிபி எதுவும் வராது. அந்த ஒரு நாளை எதை வைத்து ஓட்டுவீர்கள்? ஏடிஎம் கார்டு எங்கே இருக்கிறது, அதன் ரகசிய எண் நினைவிருக்கிறதா, போன் கவரின் பின்னாலேயே கார்டைச் செருகி வைத்திருக்கிறோமா என்று பாருங்கள். என் கார்டு கவரில்தான் இருந்தது. இப்போது இல்லை.

## எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டது

இதையும் ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மேலே தொடச் சொன்ன இடங்களைத் தவிர, நடுவில் எங்காவது அசல் போனைத் தொட்டோமா? ரீஸ்டோர் திரையில் கேபிள் வழியைத் தேர்ந்தெடுத்தோமா? பாஸ்வேர்டை வேறு எங்காவது சேமித்ததிலிருந்து எடுத்தோமா, அந்த இடம் போன் இல்லாமலும் கிடைக்குமா? சிம் அசல் போனில் இருக்கும்போதே ஓடிபி வாங்கினோமா? ஒன்றுக்காவது ஆம் என்றால் அந்தப் படியை மட்டும் மறுபடி செய்யுங்கள்.

## திரும்பப் போவது

சிம்மை அசல் போனில் போட்டு, போனை இயக்கி, வாட்ஸ்அப்பைத் திறந்து எண்ணை மறுபடி பதியுங்கள். அதை நீக்கிவிட்டு நிறுவாதீர்கள். உரையாடல்கள் அந்தப் போனிலேயே இருப்பதால் வழக்கமாக அப்படியே தொடரும். இடையில் ஸ்பேர் போனுக்கு வந்த செய்திகள் மட்டும் அங்கேயே நின்றுவிடும். முக்கியமானது ஏதாவது வந்திருந்தால் ரீசெட்டுக்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி இரண்டு போனுக்கும் மாற்றி மாற்றிப் பதிந்தால் ஓடிபி அனுப்பக் காத்திருக்கச் சொல்லும், அதனால் ஒரே நாளில் இரண்டு முறை வேண்டாம்.

அசல் போனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு, ஸ்பேர் போனில் கூகுள் கணக்கை நீக்கி, செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்யுங்கள். செலவழித்த குறியீட்டைத் தாளில் அடித்துவிடுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் தாளிலேயே எழுதுங்கள். என் இரண்டாவது ஒத்திகைக்கு மூன்று மணி இருபது நிமிடம் ஆனது. அதில் முக்கால் மணி நேரம் ஸ்பேர் போன் தன் ஆப்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்ததற்கே போனது. ஸ்பேர் போனை பாதி சார்ஜில் அணைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.